அலைன்மெண்ட் தாளில் எல்லாம் பச்சை, ஸ்டீரிங் மட்டும் ஏன் கோணல்?

புது டயர் போட்டாகிவிட்டது, அலைன்மெண்ட்டும் செய்தாகிவிட்டது. கடைக்காரர் கையில் கொடுத்த தாளில் எல்லா எண்களும் பச்சை நிறத்தில் இருக்கின்றன. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் ஏறி நேராக ஓட்டினால், ஸ்டீரிங் நடுவிலுள்ள சின்னம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் கார் வலப்பக்கம் போகிறது. திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டால், "கம்ப்யூட்டர் சரின்னுதானே காட்டுது அண்ணே" என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலில் பொய் இல்லை. கம்ப்யூட்டர் சரியென்றுதான் காட்டும். ஏனென்றால் அலைன்மெண்ட் எந்திரம் சக்கரங்களைத்தான் பார்க்கிறது. சக்கரத்தில் மாட்டிய தகட்டை கேமரா பார்த்து, அது எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்று கணக்கிடுகிறது. காருக்குள்ளே ஸ்டீரிங் எப்படி நிற்கிறது என்பது அந்தக் கேமராவுக்குத் தெரியாது. அதை நேராக வைத்து, அசையாமல் கட்டிவிட்டு, அதன் பிறகு அளப்பது ஆள் செய்ய வேண்டிய வேலை. அந்த ஒரு படி தவறினால், தாள் முழுக்கப் பச்சையாக இருக்கும்போதே ஸ்டீரிங் கோணலாக இருக்கும்.

இது எப்படி நடக்கிறது, எப்படித் திருத்துகிறார்கள் என்பதை ஒரு மைவி காரை வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால், ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டீரிங்கிலிருந்து சக்கரம் வரை

ஸ்டீரிங்கைத் திருப்பினால் அதன் தண்டு சுழல்கிறது. தண்டின் கீழ்முனையில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது ரேக் எனப்படும் பல் வெட்டிய நீளமான இரும்புக் கம்பியை இடமும் வலமும் நகர்த்துகிறது. ரேக்கின் இரண்டு முனையிலும் ஆளுக்கொன்றாக டை ராட் இருக்கிறது. டை ராட்டின் வெளிமுனையில், பந்து மூட்டு உள்ள டை ராட் எண்ட் மரையால் பொருத்தப்பட்டிருக்கிறது. அதுதான் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தின் கையைப் பிடித்துத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது.

இதில் முக்கியமானது அந்த மரை. டை ராட்டைச் சுற்றினால் அதன் மொத்த நீளம் கூடும் அல்லது குறையும். நீளம் மாறினால் ஸ்டீரிங் இருந்த இடத்திலேயே இருக்க, அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் திரும்பும். நீளம் மாறாமல் இருக்க லாக் நட் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. அலைன்மெண்ட் கடையில் காரின் அடியில் படுத்து ஸ்பேனர் போடுகிறவர் பெரும்பாலும் தொடுவது இந்த நட்டையும் இந்த டை ராட்டையும்தான்.

சிறிய கார்களில், முன்சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டீரிங் ஏறத்தாழ 15 அல்லது 16 டிகிரி சுற்ற வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் கண்ணுக்கே தெரியாத அரை டிகிரி தப்பு, ஸ்டீரிங்கில் 8 டிகிரியாகப் பெருகித் தெரியும். சின்னம் கோணலாக இருப்பது பெரிய கோளாறு போலத் தோன்றினாலும், அடியில் அது டை ராட்டின் ஒரு சுற்றுக்குள் அடங்கும் விஷயமாக இருப்பது இதனால்தான்.

டோ என்பது என்ன

காரை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முன்சக்கரங்களின் முன்பக்கமும் கொஞ்சம் உள்நோக்கி நெருங்கியிருந்தால் அது டோ-இன். வெளிநோக்கி விரிந்திருந்தால் டோ-அவுட். டோ-இன்னுக்குக் கூட்டல் குறியும் டோ-அவுட்டுக்குக் கழித்தல் குறியும் போடுவது வழக்கம்.

எந்திரத்தின் திரையில் டோவுக்கு மூன்று எண்கள் வரும். இடது சக்கரத்தின் டோ ஒன்று, வலது சக்கரத்தின் டோ ஒன்று, இரண்டையும் கூட்டிய மொத்த டோ ஒன்று. டயர் சீராகத் தேய்வதற்குப் பார்க்க வேண்டியது மொத்த டோ. ஸ்டீரிங் நேராக நிற்பதற்குப் பார்க்க வேண்டியது, ஸ்டீரிங்கை நேராகக் கட்டிய நிலையில் இடதும் வலதும் சமமாக இருக்கின்றனவா என்பது. மொத்தம் சரியாக இருந்து பங்கீடு தப்பாக இருக்க முடியும். பிரச்சினை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு மைவியின் கணக்கு

தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் ஒரு மைவி. பழக்குலை லாரிகள் ஏறி இறங்கிக் குழியாக்கிய பாதை அது. வலப்பக்கத்து டை ராட் எண்ட் ஆட்டம் கண்டுவிட்டது. உரிமையாளர் பட்டணத்தில் அந்த ஒரு பாகத்தை மாற்றுகிறார். அதே நாளில் முன்பக்கத்து இரண்டு டயரையும் மாற்றி அலைன்மெண்ட்டும் செய்கிறார். மறுநாள் பார்த்தால் ஸ்டீரிங் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

கணக்குக்காக, இந்த கார் நல்ல நிலையில் இருந்தபோது இடது டோ +0.05 டிகிரி, வலது டோ +0.05 டிகிரி, மொத்தம் +0.10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அளவு மாடலுக்கு மாடல் மாறும். எந்திரத்தின் நினைவிலேயே தயாரிப்பாளர் கொடுத்த எல்லைகள் இருக்கும்.

பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை மரை சுற்றி வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுவது வழக்கம். ஆனால் புதிய பாகத்தின் நீளம் மயிரிழை மாறினாலோ, எண்ணிக்கையில் ஒரு சுற்று கூடிப்போனாலோ நீளம் மாறிவிடும். மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது, சக்கரத்துக்குப் போகும் கையின் நீளம் 125 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று சக்கரத்தை ஏறத்தாழ 0.70 டிகிரி திருப்பும். நம் மைவியில் வலப்பக்கம் ஒரு சுற்று அதிகமாக உள்ளே ஏறிவிட்டது. ரேக் முன் அச்சுக்குப் பின்னால் அமைந்த கார்களில் டை ராட் குட்டையானால் சக்கரத்தின் பின்பகுதி உள்ளே இழுபடும், முன்பகுதி வெளியே விரியும். அதனால் வலது டோ +0.05 இலிருந்து −0.65 ஆகிவிட்டது. மொத்த டோ −0.60. திரையில் சிவப்பு.

இப்போது அலைன்மெண்ட் செய்கிறவர் என்ன செய்கிறார்? மொத்தத்தை +0.10 ஆக்க வேண்டும், அதற்கு 0.70 டிகிரி தேவை. இடப்பக்கத்து லாக் நட் எளிதாகத் தளர்ந்தது, வலப்பக்கத்து நட் இறுகிப்போயிருக்கிறது, அல்லது எந்தப் பக்கம் மாறியது என்று பார்க்காமலே முதலில் கைக்குக் கிடைத்த பக்கத்தில் ஸ்பேனரைப் போட்டுவிட்டார். இடது டை ராட்டை ஒரு சுற்று நீட்டுகிறார். இடது டோ +0.75 ஆகிறது. வலது −0.65. கூட்டினால் +0.10. மொத்த டோ பச்சை.

ஸ்டீரிங் நேராகக் கட்டப்பட்டிருந்தால் இடது, வலது எண்கள் தனித்தனியாகச் சிவப்பிலேயே இருந்திருக்கும். தப்பு அங்கேயே தெரிந்திருக்கும். கட்டப்படாமல் இருந்தால் கதை வேறு. ஸ்டீரிங்கைக் கையால் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இடப்பக்கம் 0.70 டிகிரி திரும்பும். இடது டோ 0.75 இலிருந்து 0.05 ஆகக் குறையும், வலது டோ −0.65 இலிருந்து +0.05 ஆக ஏறும். இரண்டும் சமம், மூன்று எண்களும் பச்சை. அந்த நிலையில் தாளை அச்சடித்தால் அது குறையே இல்லாத தாள். ஆனால் 0.70 டிகிரிக்காக ஸ்டீரிங் திரும்பியது 16 மடங்கு, அதாவது ஏறத்தாழ 11 டிகிரி இடப்பக்கம்.

சாலையிலும் இதேதான் நடக்கிறது. கார் நேராகப் போக ஓட்டுநர் ஸ்டீரிங்கை 11 டிகிரி இடப்பக்கம் பிடிக்கிறார், சக்கரங்கள் இரண்டும் 0.05 இல் சமமாக ஓடுகின்றன. இதனால் டயர் தேயாது. கோணல் ஸ்டீரிங்கைப் பார்த்ததும் புது டயர் போச்சே என்று பலர் பதறுகிறார்கள். மொத்த டோ உண்மையாகவே சரியாக இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை. அப்படியே விட்டுவிடலாமா என்றால் கூடாது. ரேக் நடுவில் இல்லாததால் ஒரு பக்கம் திரும்பும்போது கிடைக்கும் வளைவு மற்ற பக்கத்தைவிடக் குறையும். சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு உள்ள கார்களில் இன்னொரு தொல்லையும் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

திருத்துவது எப்படி

திருத்தம் எளிமையானது. இரண்டு டை ராட்டையும் சம அளவில், எதிரெதிராக மாற்ற வேண்டும். ஒன்றை நீட்டினால் மற்றதை அதே அளவு குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மொத்த டோ மாறாது, ஸ்டீரிங்கின் நிலை மட்டும் மாறும்.

எதை நீட்டுவது, எதைக் குறைப்பது? நேராக ஓடும்போது ஸ்டீரிங் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்து டை ராட்டைக் குறைத்து மறுபக்கத்தை நீட்ட வேண்டும். இது ரேக் முன் அச்சுக்குப் பின்னால் உள்ள கார்களுக்கு. ரேக் அச்சுக்கு முன்னால் இருந்தால் தலைகீழ். நம் மைவியில் சாய்வு இடப்பக்கம், ஆகவே இடதைக் குறைத்து வலதை நீட்ட வேண்டும். அளவு? ஸ்டீரிங்கில் 11 டிகிரி, 16 ஆல் வகுத்தால் சக்கரத்தில் 0.70 டிகிரிக்குப் பக்கம், அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரு சுற்று. இடது 0.75 இலிருந்து 0.05 ஆகும், வலது −0.65 இலிருந்து +0.05 ஆகும். கடையில் யாரும் இப்படிப் பேனா பிடித்துக் கணக்குப் போடுவதில்லை, திரையைப் பார்த்தே திருப்புவார்கள். ஆனாலும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், இத்தனை கோணலுக்கு எத்தனை சுற்று என்று ஒரு பிடி கிடைக்கும். மூன்று சுற்று தேவைப்படுகிறது என்றால் வேறு ஏதோ வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வேலை நடக்கும் ஒழுங்கை நின்று பார்த்தால் நல்ல கடையைக் கண்டுபிடித்துவிடலாம். காரை மேடையில் ஏற்றி முன்சக்கரங்களைச் சுழலும் தட்டில் நிறுத்துகிறார்கள். டயர் காற்றைச் சமமாக்குகிறார்கள். காரை முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டி ஸ்பிரிங்கை நிலைகொள்ளச் செய்கிறார்கள். பிறகு எஞ்சினை ஓட விட்டு, ஸ்டீரிங்கை இடமும் வலமும் சில தடவை அசைத்து நடுவில் நிறுத்துகிறார்கள். எஞ்சினை ஓட விடுவது ஏன் என்றால், பவர் ஸ்டீரிங் உதவி இல்லாதபோது திருப்பி நிறுத்திய ஸ்டீரிங் கொஞ்சம் முறுக்கோடு நிற்கும்; கார் சாலையில் ஓடும்போது அந்த முறுக்கு விடுபட்டு, நிலை இரண்டு மூன்று டிகிரி தள்ளிப்போகலாம். நடுவில் நிறுத்திய பிறகு, இருக்கைக்கும் ஸ்டீரிங்குக்கும் இடையில் ஒரு பிடிப்பானை மாட்டி அசையாமல் கட்டுகிறார்கள்.

நேராக இருக்கிறதா என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கண் ஏமாற்றும். இப்படிப் பார்த்ததாலேயே மூன்று நான்கு டிகிரி தள்ளிப்போன கார்கள் நிறைய.

அதன் பிறகுதான் அடியில் வேலை. டை ராட் எண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொரு ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்துகிறார்கள். ரேக்கின் முனையில் இருக்கும் ரப்பர் உறையின் கிளிப்பையும் விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் டை ராட்டைச் சுற்றும்போது உறை முறுக்கிக்கொண்டு பிறகு கிழிந்துவிடும், கிழிந்த உறைக்குள் செம்மண் புகுந்தால் ரேக்கே போய்விடும். தோட்டத்து கார்களுக்கு இது சின்ன விஷயமில்லை. சுற்றி முடித்து இரண்டு பக்கமும் சமமாக வந்த பின் லாக் நட்டை இறுக்குகிறார்கள். இறுக்கும்போது டை ராட்டும் சேர்ந்து சுற்ற முயலும், எண் கொஞ்சம் நகரும். அதனால் இறுக்கிய பிறகு திரையை மறுபடி பார்க்கிறவர்தான் வேலை தெரிந்தவர்.

கடைசியாகச் சாலை ஓட்டம். மேடையில் எல்லாம் சரியாக இருந்தாலும், நேரான சாலையில் ஓட்டிப் பார்க்காமல் சாவியைக் கையில் கொடுக்கக் கூடாது.

டயர் மட்டும் மாற்றியதும் இப்படி ஆனால்

டயரை மாற்றுவதால் டை ராட்டின் நீளம் மாறாது. ஆகவே அலைன்மெண்ட்டையே தொடாமல், டயர் மட்டும் மாற்றிய உடனே ஸ்டீரிங் சாய்ந்தால் அது வேறு கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் கோணலையும் இழுப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி, கடைக்காரரும் மறுபடி டோவையே திருகி, நிலைமை மேலும் குழம்பிப் போகிறது.

போக்குவரத்து இல்லாத நேரான, சமமான சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீரிங்கின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் சாய்வு தெளிவாகத் தெரியும். கார் நேராகப் போகும் நிலையில் பிடியை இலேசாகத் தளர்த்துங்கள், கையை முழுதாக எடுத்துவிட வேண்டாம். ஸ்டீரிங் சாய்ந்த நிலையிலேயே நிற்க, காரும் நேராகவே ஓடினால் அது கோணல். டை ராட்டில் திருத்த வேண்டியது. பிடியைத் தளர்த்தியதும் ஸ்டீரிங் தானாகத் திரும்பி கார் ஒரு பக்கம் ஒதுங்கினால் அது இழுப்பு. அதை டை ராட்டைத் திருகித் தீர்க்க முடியாது.

இழுப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது காற்று. இரண்டு முன்டயரிலும் குளிர்ந்த நிலையில், கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுப்படி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது டயரின் அமைப்பு. சில டயர்கள் உள்ளே கொஞ்சம் கூம்பு வடிவில் உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உருளும்போது ஒரு பக்கம் ஒதுங்கும். இதைக் கண்டுபிடிக்க முன்டயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் டயர்தான் காரணம். அதே பக்கமே இழுத்தால் காரில் தேட வேண்டும். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை இப்படி இடம் மாற்றி மாட்டக் கூடாது.

சாலையையும் மறந்துவிடாதீர்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கார் எப்போதும் இடப்பக்கச் சரிவில்தான் இருக்கிறது. அது இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், நாம் அறியாமலே ஸ்டீரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடிப்போம். தோட்டப் பகுதிப் பழைய சாலைகளில் இந்தச் சரிவு கூடுதலாகவே இருக்கும். அதனால் ஒரே சாலையை வைத்து முடிவுக்கு வராமல் இரண்டு மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள். ஒரு சாலையில் மட்டும் வலப்பக்கம் இலேசாகச் சாய்ந்து, வேறு சாலையில் நேராக நின்றால் காரில் குறை இல்லை. நம் மைவி போல 11 டிகிரி சாய்ந்தால் அதற்குச் சாலை காரணமாக முடியாது.

பின்சக்கரம் காரைத் திருப்பும்போது

முன்சக்கரத்தை மட்டும் அளந்து முன்சக்கரத்தை மட்டும் திருத்தும் கடைகளில் இன்னொரு தப்பு நடக்கிறது. கார் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பின்சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன. பின் அச்சு சற்றே வலப்பக்கம் பார்த்து நின்றால், முன்சக்கரங்களும் அதே அளவு வலப்பக்கம் பார்த்தால்தான் கார் வட்டமடிக்காமல் நேராகப் போகும். பின் அச்சு 0.20 டிகிரி திரும்பியிருந்தால் ஸ்டீரிங் 3 டிகிரிக்கு மேல் அதே பக்கம் சாயும்.

நான்கு சக்கரமும் அளக்கும் எந்திரம் இந்தப் பின்பக்கத் திசையைக் கண்டுபிடித்து, அதை அடிப்படையாக வைத்து முன்சக்கரத்தின் டோவைக் காட்டும். அப்படிச் செய்தால் ஸ்டீரிங் நேராக வரும். ஆனால் மைவி, சாகா போன்ற கார்களின் பின் அச்சில் டோவைத் திருகிச் சரிசெய்ய வழி எதுவும் இல்லை. தாளில் பின்பக்க எண் எல்லைக்கு வெளியே வந்தால் அச்சோ அதன் புஷ்ஷோ பாதிக்கப்பட்டிருக்கிறது, பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். குழியில் பின்சக்கரம் பலமாக இறங்கிய பிறகு ஸ்டீரிங் சாய்ந்தது என்றால், "பின்பக்கமும் அளந்து காட்டுங்கள்" என்று கேட்பது அவசியம்.

ஸ்டீரிங்கைக் கழற்றி மாட்டலாம் என்று சொன்னால்

சில இடங்களில் குறுக்குவழியாக, ஸ்டீரிங்கையே தண்டிலிருந்து கழற்றி நேராக வைத்து மாட்டிவிடுவார்கள். பார்வைக்கு நேராகிவிடும். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் காரணம், ஏர்பேக். ஸ்டீரிங்கைக் கழற்ற ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். முறை தெரியாமல் தொட்டால் ஆபத்து. அதன் பின்னால் சுருள் கம்பி நாடா ஒன்று இருக்கிறது. அது இரண்டு பக்கமும் குறிப்பிட்ட சுற்றுகள்தான் தாங்கும். நடுநிலை தவறி மாட்டினால் ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும், ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். ரேக்கும் நடுவுக்கு வராது. மேலும் தண்டில் 36 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. 4 டிகிரி கோணலை இந்த வழியில் நேராக்கவே முடியாது.

உங்களுக்கு முன் யாராவது இப்படிக் கழற்றி மாட்டியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது நன்றாக உதவும். காரை நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டு, ஸ்டீரிங்கை இடப்பக்கம் முட்டும் வரை திருப்புங்கள். அங்கிருந்து வலப்பக்கம் முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 3 சுற்று வந்தால் அதில் பாதி, ஒன்றரைச் சுற்று, திரும்பி வாருங்கள். இப்போது ரேக் நடுவில் இருக்கிறது. இந்த நிலையில் ஸ்டீரிங் நேராக இருந்தால் அது சரியான பல்லில் இருக்கிறது. ஓடும்போது தெரியும் கோணல் டை ராட்டில் இருக்கிறது. இந்த நிலையிலேயே நன்றாகச் சாய்ந்திருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்க வேண்டும். அப்போது முதலில் ஸ்டீரிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு டை ராட்டைத் திருத்த வேண்டும்.

சறுக்கல் தடுப்பு உள்ள காரில் கூடுதலாக ஒன்று

2017 இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறை மைவி உட்பட, சறுக்கலைத் தடுக்கும் அமைப்பு சிறிய கார்களிலும் பரவலாகிவிட்டது. இந்த அமைப்பு, ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று ஸ்டீரிங்கிலுள்ள சென்சார் மூலம் தெரிந்துகொண்டு, கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதோடு ஒப்பிடுகிறது. நேராகப் போகும் காரில் ஸ்டீரிங் 11 டிகிரி இடப்பக்கம் இருந்தால் இரண்டு தகவலும் பொருந்தாது. எச்சரிக்கை விளக்கு எரியலாம், அல்லது தேவையில்லாத நேரத்தில் அமைப்பு குறுக்கிடலாம். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓடியதும் புதிய நடுநிலையைத் தாமே கற்றுக்கொள்ளும்; சிலவற்றுக்கு ஸ்கேன் கருவியை மாட்டிப் பூஜ்ஜிய நிலையைப் பதிய வேண்டும். அலைன்மெண்ட் முடிந்ததும் உங்கள் மாடலுக்கு அது தேவையா என்று கேளுங்கள். டோவைத் திருத்தி ஸ்டீரிங்கை நேராக்கிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். கோணலாக இருக்கும்போதே பூஜ்ஜியம் பதிந்தால் கோணலே நடுநிலையாகிவிடும்.

கடைக்குத் திரும்பப் போகும்போது வெறுமனே "அலைன்மெண்ட் சரியில்லை" என்று சொன்னால் அதே எண்களை மறுபடி பச்சையாக்கிக் கொடுப்பார்கள். "நேரா ஓடுறப்ப ஸ்டீரிங் இடப்பக்கம் இத்தனை சாயுது, கார் இழுக்கல" என்று சொல்லுங்கள். மலாயில் "ஸ்தெரெங் செங்கெட்" என்றாலே புரிந்துவிடும். நேராக ஓடும் நிலையில் பின்னிருக்கையிலிருந்து யாராவது எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருந்தால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் லாக் நட்டுக்கும் டை ராட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சில வாரம் தோட்டத்துச் சாலையில் ஓடிய பின் குனிந்து பாருங்கள். கோடு ஒரே நேராக இருந்தால் நட் அசையவில்லை. இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தால் நட் தளர்கிறது. அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் மறுபடி அளந்து இறுக்க வேண்டும்.